2.3 பேனாவா, விசைப்பலகையா: முரண்படும் முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

விரிவுரையைக் கேட்டபடி கையால் குறிப்பெடுப்பவர் நன்றாகக் கற்கிறாரா, மடிக்கணினியில் தட்டுபவரா? பத்தாண்டுகளுக்கு மேல் சோதித்துப் பார்த்தும் இந்தக் கேள்விக்கு ஆய்வுகள் ஒரே பதிலைத் தரவில்லை. ஒரே செய்முறையை அப்படியே திரும்பச் செய்தவர்களுக்கும் வேறு முடிவு கிடைத்திருக்கிறது. 'ஆய்வுகள் கலவையான முடிவுகளைத் தருகின்றன' என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். பல ஆய்வேடுகளில் அதுதான் நடக்கிறது. ஆனால் இந்த ஆய்வுகளை அருகருகே வைத்துப் படித்தால், முரண்பாடாகத் தெரிவதில் ஒரு பகுதி வெறும் எண்ணிக்கைச் சிக்கல் என்பதும், இன்னொரு பகுதி வேறு வேறு கேள்விகளுக்கு வந்த பதில்களை ஒரே வரிசையில் நிறுத்தியதால் வந்தது என்பதும் புலப்படுகிறது.

கையெழுத்துக்கு ஆதரவாக அதிகம் மேற்கோள் காட்டப்படுவது முல்லர், ஓப்பன்ஹைமர் (2014) ஆய்வு. மாணவர்கள் கால் மணி நேரத்துக்குச் சற்று நீண்ட உரைகளைக் காணொளியில் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள். மடிக்கணினிகளில் இணைய இணைப்பு இல்லை. ஆகவே கவனச்சிதறல் என்ற சாக்குக்கு இடமில்லை. சுமார் அரை மணி நேரம் வேறு வேலைகளில் ஈடுபடுத்திய பிறகு தேர்வு நடந்தது. தகவலை நினைவுகூரும் கேள்விகளில் இரு குழுவும் சமம். கருத்தைப் பொருத்திப் பார்க்கும் கேள்விகளில் கையால் எழுதியவர்கள் முந்தினார்கள். ஆய்வாளர்கள் தந்த விளக்கம் எளிமையானது: தட்டுபவர் வேகமாகத் தட்டுவதால் பேச்சாளரின் சொற்களை அப்படியே பிடித்துவிடுகிறார், கையால் எழுதுபவருக்கு அந்த வேகம் இல்லாததால் எதை எழுதுவது, எதை விடுவது என்று யோசித்தே ஆகவேண்டும், அந்த யோசனைதான் கற்றல். 'சொல்லுக்குச் சொல் எழுதாதீர்கள்' என்று இரண்டாவது சோதனையில் தட்டுபவர்களை எச்சரித்தும் அந்தப் பழக்கம் குறையவில்லை.

இதற்கு ஓராண்டு முன்பே புயி, மையர்சன், ஹேல் (2013) நேர் எதிரான ஒன்றைக் கண்டிருந்தார்கள். கேட்டதும் வைத்த தேர்வில், கணினியில் சொல்லுக்குச் சொல் தட்டியவர்களே அதிகம் நினைவுகூர்ந்தார்கள். 24 மணி நேரம் கழித்துத் தேர்வு வைத்தபோது நிலைமை தலைகீழானது: ஒழுங்குபடுத்திக் குறிப்பெடுத்தவர்கள் முன்னே வந்தார்கள். ஆனால் குறிப்பைத் திரும்பப் படிக்க விட்டால், மறுபடியும் சொல்லுக்குச் சொல் தட்டியவர்களுக்கே சாதகம். ஒரே கட்டுரைக்குள் பதில் இரண்டு முறை மாறுகிறது. இந்தக் கட்டுரையை 'தட்டச்சுக்கு ஆதரவான ஆய்வு' என்று ஒரு பெட்டிக்குள் போடுபவர்கள் முதல் சோதனையோடு நிறுத்திவிட்டார்கள் என்றே தோன்றுகிறது.

அப்புறம் மறுசெய்கைகள் வந்தன. மோர்ஹெட், டன்லோஸ்கி, ராசன் (2019) முல்லர், ஓப்பன்ஹைமரின் செய்முறையைப் பின்பற்றி, மின்பலகையில் எழுதும் ஒரு குழுவையும் குறிப்பே எடுக்காத ஒரு குழுவையும் சேர்த்தார்கள். கையெழுத்தின் பக்கம் சிறு சாய்வு தெரிந்தாலும், எந்தக் குழுவும் மற்றொன்றிலிருந்து சீராக வேறுபடவில்லை. உர்ரி முதலானோர் (2021) 142 பேருடன் முதல் சோதனையை நேரடியாகத் திரும்பச் செய்தார்கள். தட்டியவர்கள் அதிகச் சொற்களை எழுதினார்கள், பேச்சாளரின் சொற்களை அதிகம் அப்படியே எடுத்தார்கள். இதுவரை 2014 முடிவேதான். ஆனால் தேர்வு மதிப்பெண்ணில் வேறுபாடு இல்லை. அதே போன்ற எட்டு ஆய்வுகளை அவர்கள் தொகுத்துப் பார்த்தபோதும் இதே நிலைதான்.

முதலில் எண்ணிக்கைச் சிக்கலைப் பார்ப்போம். 'அங்கே புள்ளியியல் முக்கியத்துவம் இருந்தது, இங்கே இல்லை' என்பதால் மட்டும் இரண்டு ஆய்வுகள் முரண்படுவதாகச் சொல்லிவிட முடியாது. 2014இன் முதல் சோதனையில் பகுப்பாய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் 65 பேர், அதாவது குழுவுக்குச் சுமார் 33 பேர். இந்த அளவு மாதிரி, 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்கக்கூடிய வேறுபாடு ஏறத்தாழ 0.7 திட்டவிலக்கம். 142 பேர் என்றால் அது 0.47 வரை இறங்கும். உண்மையான வேறுபாடு கால் திட்டவிலக்கம்தான் என்று வைத்துக்கொண்டால், அதைப் பிடிக்கக் குழுவுக்குச் சுமார் 250 பேர் தேவை. அப்படிப்பட்ட உலகில் சிறிய ஆய்வுகளில் சில 'இருக்கிறது' என்றும் பல 'இல்லை' என்றும் சொல்வது இயல்பு. 'இருக்கிறது' என்று சொல்லும் சிறிய ஆய்வு விளைவைப் பெரிதாக்கிக் காட்டுவதும் இயல்பு. வரம்பைத் தாண்ட அதற்கு வேறு வழியே இல்லை. ஆகவே 2014க்கும் 2021க்கும் இடையிலுள்ள விலகலில் பெரும்பகுதிக்குத் தனியாக ஒரு காரணம் தேடவேண்டியதில்லை என்பது என் கணிப்பு.

ஆனால் புயி முதலானோரின் தலைகீழ் மாற்றத்தை மாதிரி அளவால் மட்டும் விளக்கிவிட முடியாது. அங்கே வேறொன்று நடக்கிறது. குறிப்பெடுத்தலுக்கு இரண்டு பயன்கள் உண்டு என்று டி வெஸ்டா, கிரே (1972) பிரித்துக் காட்டினார்கள்: எழுதும் செயலே மனத்தில் பதியவைப்பது ஒன்று, எழுதிய தாள் பின்னால் படிக்க உதவும் சேமிப்பாக இருப்பது இன்னொன்று. குறிப்பைத் திரும்பப் பார்க்கவிடாமல் தேர்வு வைத்தால் அளக்கப்படுவது பெரும்பாலும் முதலாவது பயன். பார்க்கவிட்டால் இரண்டாவதும் சேர்ந்துகொள்கிறது. அப்போது குறிப்பு எவ்வளவு முழுமையானது என்பது கணக்கில் வருகிறது. இந்தப் பிரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் புயி முதலானோரின் மூன்று சோதனைகளும் ஒன்றோடொன்று சண்டையிடவில்லை. உடனடித் தேர்வு, தாமதத் தேர்வு, மறுவாசிப்புக்குப் பிந்தைய தேர்வு என மூன்றும் மூன்று வேறு பொருள்களை அளக்கின்றன.

சரி, இந்த விளக்கம் எல்லாவற்றையும் தீர்த்துவிடுகிறதா என்றால், இல்லை. மறுவாசிப்பு முழுமையான குறிப்புக்குச் சாதகம் என்றால், திரும்பப் படிக்கவிடும்போது தட்டியவர்கள்தான் வெல்லவேண்டும். முல்லர், ஓப்பன்ஹைமரின் மூன்றாவது சோதனையில் நடந்தது வேறு: ஒரு வாரம் கழித்து வந்த 109 பேரில், கையால் எழுதிக் குறிப்பைத் திரும்பப் படித்தவர்களே மற்ற எல்லாரையும் விட அதிகம் பெற்றார்கள். மோர்ஹெட் முதலானோரிடமோ, திரும்பப் படித்த பிறகு குழுக்களுக்கிடையே இருந்த சிறு வேறுபாடும் மேலும் சுருங்கியது. புயி முதலானோர் ஒழுங்குபடுத்து, அப்படியே தட்டு என்று மாணவர்களுக்கு உத்தி ஒன்றைக் கொடுத்தார்கள். மற்ற இருவரும் கருவியை மாற்றி உத்தியைப் பெரும்பாலும் மாணவர் விருப்பத்துக்கு விட்டார்கள். பாதி முரணை இது விளக்கக்கூடும். மீதிப் பாதி இன்னும் திறந்தே கிடக்கிறது.

உர்ரி முதலானோரின் முடிவில் எனக்கு முக்கியமாகப் படுவது மதிப்பெண் சமமாக இருந்ததல்ல. விளக்கச் சங்கிலி எங்கே அறுந்தது என்பதுதான். 'தட்டச்சு சொல்லுக்குச் சொல் எழுத வைக்கிறது' என்ற முதல் கண்ணி மறுசெய்கையிலும் உறுதியாக நின்றது. 'சொல்லுக்குச் சொல் எழுதுவது புரிதலைக் குறைக்கிறது' என்ற இரண்டாவது கண்ணி நிற்கவில்லை. இதை மோர்ஹெட் முதலானோரின் குறிப்பெடுக்காத குழுவோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். குறிப்பே எடுக்காதவரும் மற்றவர்களைவிடச் சீராகப் பின்தங்கவில்லை என்றால், அந்த உரைக்கும் அந்தத் தேர்வுக்கும் குறிப்பு பெரிய உதவியாக இருக்கவில்லை. குறிப்பு உதவாத இடத்தில் பேனாவுக்கும் விசைப்பலகைக்கும் வேறுபாடு தேடுவது, தண்ணீர் இல்லாத கிணற்றில் எந்த வாளி பெரியது என்று பார்ப்பது போலத்தான். பொது மக்களுக்காகப் பேசப்பட்ட சுவையான உரை ஒன்றைக் கேட்பதும், ஒரு பருவம் முழுக்க அடுக்கடுக்காகக் கட்டப்படும் பாடத்தைக் கேட்பதும் ஒன்றல்ல. உரையில் படம் இருக்கிறதா என்பதுகூடக் கணக்கில் வரும்: லுவோ முதலானோர் (2018) ஆய்வில் தட்டியவர்கள் அதிகச் சொற்களையும் கையால் எழுதியவர்கள் அதிகப் படங்களையும் பதிந்தார்கள். சொல் கேள்விகள் மட்டுமே உள்ள தேர்வு இந்த இரண்டாவது பலனைப் பார்க்காமலே போய்விடும்.

வகுப்பறை ஆய்வுகளை இந்த விவாதத்தில் சான்றாகச் சேர்ப்பதில் கவனம் தேவை. கணினி அனுமதிக்கப்பட்ட வகுப்புகளில் தேர்வு மதிப்பெண் 0.18 திட்டவிலக்கம் குறைந்ததாகக் கார்ட்டர், கிரீன்பெர்க், வாக்கர் (2017) கண்டார்கள்; வகுப்பில் கணினியில் வேறு வேலை பார்ப்பது அப்படிச் செய்பவரை மட்டுமல்ல, அந்தத் திரையைப் பார்க்கும்படி அமர்ந்திருப்பவரையும் பாதிக்கிறது என்று சானா, வெஸ்டன், செப்பேடா (2013) காட்டினார்கள். இவை கணினியின் விலையைச் சொல்கின்றன, தட்டச்சின் விலையைச் சொல்லவில்லை. வான் டெர் வீல், வான் டெர் மீர் (2024) நடத்திய மூளை அலை ஆய்வும் அடிக்கடி இங்கே இழுக்கப்படுகிறது. அதில் 36 மாணவர்கள் ஒற்றைச் சொற்களை எழுதினார்கள் அல்லது ஒரே விரலால் தட்டினார்கள். கற்றல் எதுவும் அளக்கப்படவில்லை. அதை இந்த ஒப்பீட்டிலிருந்து விட்டுவிட்டேன்.

தொகுப்பாய்வுகளும் ஒத்துப்போகவில்லை. வோயர், ரோனிஸ், பையர்ஸ் (2022) தொகுத்தபோது சராசரி வேறுபாடு ஏறக்குறைய பூஜ்யம். கல்லூரி மாணவர்களின் விரிவுரைக் குறிப்புகளை மட்டும் எடுத்துக்கொண்ட ஃபிளானிகன் முதலானோர் (2024) 24 ஆய்வுகளிலிருந்து கையெழுத்துக்கு 0.248 திட்டவிலக்கச் சாதகம் கண்டார்கள். குறிப்பின் அளவில் தட்டச்சுக்கு 0.919 சாதகம். முதல் எண்ணைப் புரியும்படி சொன்னால், கையால் எழுதும் சராசரி மாணவர் தட்டுபவர்கள் நூறு பேரில் சுமார் அறுபது பேரை முந்துவார். பொருட்படுத்தாமல் விட முடியாத அளவு, ஆனால் 2014 கட்டுரை ஊட்டிய எதிர்பார்ப்பைவிடச் சிறியது. எதை உள்ளே சேர்ப்பது என்ற விதி மாறினால் சராசரியும் மாறும். தேர்வு உடனடியா தாமதமா, மறுவாசிப்பு உண்டா இல்லையா என்று பிரிக்காமல் எடுக்கும் எந்தச் சராசரியும் எதிரெதிர் விளைவுகளை ஒன்றுக்கொன்று கழித்துவிடும் ஆபத்து உண்டு.

ஆகவே இந்த ஆய்வேட்டில் கருவியை மட்டும் மாற்றிப் பார்க்கப்போவதில்லை. கருவி, உத்தி, மறுவாசிப்பு ஆகிய மூன்றும் தனித்தனியாக மாற்றப்படும். தேர்வு ஒரு வாரம் கழித்து நடக்கும். குறிப்பெடுக்காத குழு ஒன்றும் இருக்கும். அந்தக் குழு மற்றவர்களுக்குச் சமமாக மதிப்பெண் பெற்றுவிட்டால், கருவி பற்றிய ஒப்பீட்டை முடிவாக முன்வைக்காமல், பாடப்பொருள் பொருந்தவில்லை என்று பதிவு செய்வேன். செய்முறை விவரம் அத்தியாயம் 3இல் உள்ளது.