வினா ஆறு, விடை எட்டு: நாளைக்கு டெஸ்ட் எழுதப்போறவங்க ஒருவாட்டி படிச்சிருங்க

பசங்களா, போன டெஸ்ட்ல நிறைய பேர் இந்த ஒரு கேள்வியிலதான் மார்க்கை விட்டீங்க. வகையோட பேரெல்லாம் வரிசையா, தப்பே இல்லாம எழுதியிருந்தீங்க, ஆனா ஒரு உரையாடலைக் குடுத்து இதுல என்ன வினா என்ன விடைன்னு கேட்டதும் கையை விரிச்சிட்டீங்க. ஏன்னா நீங்க வாக்கியத்தை மட்டும் பாக்குறீங்க. யாரு கேக்குறாங்க, எதுக்குக் கேக்குறாங்க, அதைப் பாருங்க, வகை தானா வந்துரும்.

"இச்சொல்லின் இலக்கணக்குறிப்பு யாது?" இது என்ன வினா? சொல்லவே முடியாது. நான் உங்ககிட்ட கேட்டா அறிவினா, ஏன்னா எனக்கு விடை தெரியும், உங்களுக்குத் தெரியுதான்னு பாக்கக் கேக்குறேன். அதையே நீங்க என்கிட்ட கேட்டா அறியா வினா. ஒரு எழுத்துகூட மாறல பாருங்க, கேக்குற ஆள்தான் மாறியிருக்கு. அதனாலதான் பரீட்சையில "ஆசிரியர் மாணவரிடம் கேட்டார்", "வழிப்போக்கர் கேட்டார்"னு ஆளைச் சொல்லியே கேப்பாங்க, அதைத் தாண்டிப் படிச்சிட்டுப் போறவங்கதான் மாட்டிக்கிறாங்க.

நூற்பா தெரியும்ல, நன்னூல் 385. "அறிவு அறியாமை ஐயுறல் கொளல் கொடை ஏவல் தரும்வினா ஆறும் இழுக்கார்." பவணந்தி முனிவர் ஆறையும் ஒரே மூச்சுல சொல்லிட்டாரு, தனியா ஷார்ட்கட்னு எதுவும் தேடாதீங்க, இதுவே போதும்.

ஐய வினா ஈஸி. "அங்கே நிற்பது ஆளா, மரமா?" ரெண்டு விஷயம் மனசுல இருக்கு, எதுன்னு தெரியல. அறியா வினாவுல ஒண்ணுமே தெரியாது, ஐய வினாவுல பாதி தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கொளலும் கொடையும்தான் குழப்புறது. "அகராதி இருக்கிறதா?"ன்னு புத்தகக் கடைக்காரர்கிட்ட கேட்டா வாங்கிக்கக் கேக்குறோம், கொளல் வினா. "என்னிடம் இரண்டு அகராதிகள் உள்ளன. உன்னிடம் அகராதி இருக்கிறதா?"ன்னு தோழிகிட்ட கேட்டா இல்லைன்னா தர்றேன்னு அர்த்தம், கொடை வினா. முன்னாடி வர்ற அந்த ஒரு வாக்கியம்தான் துப்பு. ஏவல் வினாவுலயும் அப்படித்தான் பெரும்பாலும் முன்னாடி ஒரு வாக்கியம் வரும், "கரும்பலகை அழுக்காக உள்ளது. நீ துடைக்கிறாயா?"ன்னு. கேள்வி மாதிரி இருக்கும், ஆனா வேலை சொல்றது. வீட்ல தினமும் கேக்குறோமே அதேதான்.

இப்ப விடை. அது 386ஆவது நூற்பா. சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. எட்டுக்கும் எட்டு உதாரணம் தனித்தனியா மனப்பாடம் பண்ணாதீங்க, ஒரே கேள்வியை வெச்சுக்கங்க.

"கட்டுரைப் போட்டிக்குப் பெயர் கொடுப்பாயா?"

"கொடுப்பேன்"னா நேர் விடை. "கொடுக்க மாட்டேன்"னா மறை விடை. "நீயே கொடு" ஏவல் விடை. "கொடுக்காமல் இருப்பேனா?" வினா எதிர் வினாதல். "கை சுளுக்கிக்கொண்டது" உற்றது உரைத்தல், "கை வலிக்கும்" உறுவது கூறல். "பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுப்பேன்"னா இனமொழி விடை. ஏழு ஆச்சா, சுட்டு மட்டும் இந்தக் கேள்விக்கு ஒட்டாது, அதுக்கு இடம் கேக்கணும். "போட்டி எங்கே நடக்கிறது?" "அதோ, அந்த அறையில்." முடிஞ்சுது.

இதுல சுட்டு, மறை, நேர் மூணும் நேரடி விடை, மிச்சம் அஞ்சும் குறிப்பா உணர்த்துறது. "குறிப்பு விடைகள் எத்தனை?"ன்னு ஒரு மார்க்ல வந்தா 5ன்னு போடுங்க.

உற்றதும் உறுவதும் மாத்தி எழுதுறவங்க காலத்தைப் பாருங்க. நடந்துருச்சு இல்ல இப்ப நடந்துட்டு இருக்குன்னா உற்றது, இனிமே நடக்கும்னா உறுவது. "கால் வலிக்கிறது" உற்றது, "கால் வலிக்கும்" உறுவது. ரெண்டுலயும் முடியாதுங்கறதுதான் உள்ள இருக்கிற பதில், ஆனா வாயைத் திறந்து முடியாதுன்னு சொல்லல, சொன்னா அது மறை ஆயிரும்.

இனி பரீட்சை மாதிரி நாலு கேள்வி. விடையைப் பாக்குறதுக்கு முன்னாடி நீங்களே யோசிங்க.

1. "இந்தப் பேருந்து மதுரைக்குப் போகுமா?" என்று பயணி நடத்துநரிடம் கேட்டார். "திருச்சிக்குப் போகும்" என்று அவர் கூறினார். வினா, விடை வகைகளைக் குறிப்பிடுக.

அறியா வினா, இனமொழி விடை. போன தடவை இதே மாதிரி ஒண்ணுக்குப் பாதி பேர் மறை விடைன்னு எழுதியிருந்தீங்க. போகாதுங்கற அர்த்தம் வருதுதான், ஆனா அந்தச் சொல் இல்லையே, அதுக்கு இனமான வேற ஊரைத்தானே சொல்றாரு.

2. தாய்: "அரிசி மாவு தீர்ந்துவிட்டது. கடைக்குப் போகிறாயா?"
மகன்: "மழையில் நனைந்துவிடுவேன்."

ஏவல் வினா, உறுவது கூறல் விடை. பையன் "காய்ச்சல் அடிக்கிறது"ன்னு சொல்லியிருந்தா உற்றது உரைத்தல். "தம்பியை அனுப்பு"ன்னா ஏவல் விடை. ஏவல் ரெண்டு பக்கமும் இருக்கு, வினாவுலயும் விடையிலயும், அதனால வெறுமனே "ஏவல்"னு எழுதி விட்டுட்டு வராதீங்க.

3. "உனக்கு நீந்தத் தெரியுமா?" "மீனுக்கு நீந்தத் தெரியாதா?" இவ்விடை எவ்வகை?

வினா எதிர் வினாதல். இங்க ஒரு கண்ணி இருக்கு, கேள்விக்குப் பதிலா கேள்வி வந்தாலே இதுன்னு நினைக்காதீங்க. "விழாவுக்கு வருவாயா?"ன்னு கேட்டா "எந்த நாளில்?"னு ஒருத்தர் திருப்பிக் கேக்குறாரு, அதுல பதில் எங்க இருக்கு? அது தெரியாம கேக்குற இன்னொரு அறியா வினா. திருப்பிக் கேக்குற கேள்விக்குள்ள ஆமா இல்ல இல்லைங்கற பதில் ஒளிஞ்சிருந்தாதான் வினா எதிர் வினாதல்.

4. "என்னிடம் கூடுதலாக ஒரு குடை உள்ளது. நீ குடை கொண்டுவந்தாயா?" "கொண்டுவரவில்லை." வகைப்படுத்துக.

கொடை வினா, மறை விடை. ரெண்டாவது வாக்கியத்தை மட்டும் படிச்சவங்க அறியா வினான்னு போட்டிருப்பீங்க, முதல் வாக்கியத்துக்குப் போய்ட்டு வாங்க.

நம்ம தமிழ்ல ஒரு கேள்விக்கு நேரா ஆமா இல்லைன்னு சொல்றதைவிட சுத்தி வளைச்சுச் சொல்றதுதான் அதிகம் போல, எட்டுல அஞ்சு அப்படித்தானே இருக்கு. நாளைக்குக் காலையில வீட்ல என்ன பேசிக்கிறாங்கன்னு கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க, டெஸ்ட்டுக்கு முன்னாடியே பாதி வகை வந்துரும்.

கடைசியா ஒண்ணு, இது நாளைக்கு வராது, சும்மா கேக்குறேன். வினாத்தாள்ல இருக்கிற கேள்வி அத்தனையும் என்ன வினா? கேட்டவருக்கு விடை தெரியும், உங்களுக்குத் தெரியுதான்னு பாக்குறாரு. எழுதிட்டே இருக்கும்போது தாள் தீர்ந்துபோய் கையைத் தூக்கி "ஐயா, கூடுதல் தாள் இருக்கிறதா?"ன்னு கேப்பீங்கல்ல, அது என்ன வினா? பதிலை டெஸ்ட் முடிஞ்சதும் என்கிட்ட வந்து சொல்லுங்க.