மண்டப வாடகை ஒப்பந்தம்: ரத்து, முன்பணம் திருப்பித் தருதல், பொருட்சேதம் குறித்த நிபந்தனைகள்

பேராக், சுங்கை சிப்புட் வட்டாரத்திலுள்ள தோட்டத்து ஆலயத் திருமண மண்டபத்தை நிர்வகிக்கும் குழுவுக்கும் (இனி 'மண்டபக் குழு'), 14.6.2026 ஞாயிற்றுக்கிழமை தம் மகளின் திருமணத்திற்காக மண்டபத்தைப் பதிவு செய்யும் மணமகளின் தந்தைக்கும் (இனி 'பதிவு செய்தவர்') இடையே 10.1.2026 அன்று ஏற்பட்ட ஒப்பந்தம் இது.

1. தொகைகள்

முதல் நாள் மாலை 4 மணி முதல் திருமண நாள் இரவு 11 மணி வரைக்கான வாடகை 3,200 ரிங்கிட். இதில் 960 ரிங்கிட் முன்பணமாக இன்று பெறப்பட்டது. மீதி 2,240 ரிங்கிட்டும் 800 ரிங்கிட் வைப்புத்தொகையும் 15.5.2026க்குள் செலுத்தப்பட வேண்டும். முன்பணம் தேதியை ஒதுக்கி வைப்பதற்கு உரியது. வைப்புத்தொகை சேதத்திற்கு ஈடாக மட்டுமே வைக்கப்படுவது. ஒன்றை மற்றொன்றாகக் கணக்கிடக்கூடாது.

2. பதிவு செய்தவர் ரத்து செய்தால்

ரத்து எழுத்து மூலம் தெரிவிக்கப்பட வேண்டும். வாட்ஸ்அப் செய்தியும் ஏற்கப்படும். ஆனால் மண்டபப் பொறுப்பாளர் பதில் அனுப்பிய நாளே ரத்து நாளாகக் கொள்ளப்படும். அவர் இரண்டு நாள்களுக்குள் பதில் அனுப்பக் கடமைப்பட்டவர். தவறினால் செய்தி அனுப்பிய நாளே கணக்கில் கொள்ளப்படும்.

16.3.2026 வரை ரத்து செய்தால், நிர்வாகச் செலவாக 150 ரிங்கிட் கழித்து 810 ரிங்கிட் திருப்பித் தரப்படும். 17.3.2026 முதல் 14.5.2026 வரை ரத்து செய்தால் பாதி முன்பணமான 480 ரிங்கிட் தரப்படும். அதற்குப் பின் முன்பணம் திருப்பித் தரப்படாது. எனினும் அதே நாளுக்கு வேறொருவர் மண்டபத்தை எடுத்துக்கொண்டால், 150 ரிங்கிட் போக மீதி முழுவதும் தரப்படும். ஒரு குடும்பம் இழந்த பணத்தையும் இன்னொரு குடும்பம் தந்த வாடகையையும் சேர்த்து வைத்துக்கொள்வது முறையல்ல என்று குழு கருதுகிறது. செலுத்தப்பட்டிருந்தால், மீதி வாடகையும் வைப்புத்தொகையும் எந்த நிலையிலும் பிடித்தமின்றித் திருப்பித் தரப்படும்.

1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆவது பிரிவு நியாயமான இழப்பீட்டை மட்டுமே அனுமதிப்பதால், இந்தத் தொகைகளுக்கு மேல் அபராதம் எதுவும் கேட்கப்படாது.

3. துக்கமும் தேதி மாற்றமும்

மணமக்களின் பெற்றோர், உடன்பிறந்தவர், தாத்தா, பாட்டி ஆகியோரில் ஒருவர் காலமாகி, தீட்டுக் காரணமாகத் திருமணம் தள்ளிவைக்கப்பட்டால், இறப்புச் சான்றிதழின் நகலைக் காட்டி, பன்னிரண்டு மாதங்களுக்குள் காலியாக உள்ள வேறொரு நாளுக்குக் கட்டணமின்றி மாற்றிக்கொள்ளலாம். வேண்டாமெனில், ரத்து நாள் எதுவாக இருந்தாலும் 150 ரிங்கிட் போக முன்பணம் திருப்பித் தரப்படும். இழவு வீட்டில் இதற்காக யாரும் குழுவைத் தேடி வர வேண்டியதில்லை. உறவினர் ஒருவர் தொலைபேசியில் சொன்னால் போதும், சான்றிதழைப் பிறகு தரலாம். முகூர்த்தம் மாறியதால் தேதியை மாற்றுவது 14.5.2026 வரை ஒருமுறை மட்டும் அனுமதிக்கப்படும்.

4. குழுவாலோ அரசு ஆணையாலோ நிகழ்ச்சி நடைபெறாவிட்டால்

18.3.2020 அன்று தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையைப் போன்ற அரசுத் தடையாலோ, மண்டபத்திற்குள் வெள்ளம் புகுந்ததாலோ நிகழ்ச்சியை நடத்த முடியாமல் போனால், பெற்ற தொகை அனைத்தும் 14 நாள்களுக்குள் முழுமையாகத் திருப்பித் தரப்படும். குழுவே தன் காரணத்தால் ரத்து செய்தால், பெற்ற தொகை ஏழு நாள்களுக்குள் திருப்பித் தரப்படுவதோடு, அழைப்பிதழை மறுபடியும் அச்சடிக்கும் செலவு ரசீதுப்படி 500 ரிங்கிட் வரை ஈடு செய்யப்படும்.

5. பொருட்சேதம்

சாவியைக் கொடுக்கும்போதும் திரும்பப் பெறும்போதும் இரு தரப்பினரும் சேர்ந்து மண்டபத்தைச் சுற்றிப் பார்த்து, புகைப்படம் எடுத்து, பட்டியலில் கையெழுத்திட வேண்டும். முதல் பார்வையின்போதே இருந்த கீறல், கறை, ஆடும் நாற்காலி ஆகியவற்றுக்குப் பதிவு செய்தவர் பொறுப்பல்லர். வழக்கமான தேய்மானத்திற்கும் பிடித்தம் இல்லை.

சமையல் பின்புறக் கொட்டகையில் மட்டுமே நடைபெற வேண்டும். முன்பு ஒரு விருந்தில் எண்ணெய்க் கொப்பரையை உள்ளே இழுத்து வந்ததால் மணவறைக்கு எதிரே மூன்று தரை ஓடுகள் விரிசல் விட்டன. எண்ணெய் இறங்கிய கறை இன்றும் போகவில்லை. தூண்களில் ஆணி அடிக்கவோ, சாயத்தை உரிக்கும் ஒட்டுநாடாவை ஒட்டவோ கூடாது. அலங்காரக்காரர், சமையல்காரர், ஒலிபெருக்கிக்காரர் ஆகியோர் செய்யும் சேதத்திற்கும் பதிவு செய்தவரே குழுவிடம் பொறுப்பேற்க வேண்டும். ஆகவே அவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிக்கு 25 ரிங்கிட்டும் மடக்கு மேசைக்கு 90 ரிங்கிட்டும் பிடிக்கப்படும். மற்றவற்றுக்குப் பழுதுபார்த்த ரசீதில் உள்ள தொகை மட்டுமே. பெரிய பித்தளைக் குத்துவிளக்குகள் இரண்டும் தோட்டத் தொழிலாளர்கள் சம்பளத்தில் சேமித்து வாங்கித் தந்தவை. அவற்றை இடம் மாற்ற வேண்டுமானால் பொறுப்பாளர் உடனிருக்க வேண்டும்.

வைப்புத்தொகை, பிடித்தம் இருந்தால் ரசீது நகலுடன், நிகழ்ச்சி முடிந்த 14 நாள்களுக்குள் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும். அந்தக் கெடுவுக்குள் ரசீது காட்டப்படாத சேதத்திற்குக் குழு எதையும் கோர முடியாது. சேதம் 800 ரிங்கிட்டைத் தாண்டினால், மிகுதியை ரசீது கிடைத்த 14 நாள்களுக்குள் பதிவு செய்தவர் செலுத்த வேண்டும்.

6. கருத்து வேறுபாடு

முதலில் இரு தரப்பினரும் நேரில் பேச வேண்டும். அதில் தீராவிட்டால், 5,000 ரிங்கிட்டுக்கு மிகாத கோரிக்கையை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை நடைமுறையில் கொண்டு செல்லலாம்.

இந்த ஒப்பந்தம் இரு பிரதிகளாக எழுதப்பட்டு, பதிவு செய்தவருக்கு வாசித்துக் காட்டப்பட்டு, இரு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திடப்பட்டது. ஒரு பிரதி அவரிடமும் மற்றொன்று மண்டப அலுவலகத்திலும் இருக்கும்.