இரவு ஒன்பதரைக்கு லாட்ஜ் வரவேற்பறையில்

"வாருங்கள் மேடம், வணக்கம். முதலில் உட்காருங்கள், பை இங்கேயே இருக்கட்டும். தண்ணீர் இதோ, மூடி திறக்காத பாட்டில்தான்."

"ரூம் புக் பண்ணியிருந்தேன். ஒரே ஆள், இரண்டு இரவு."

"ஆமாம், இருக்கிறது. அடையாள அட்டையை மட்டும் கொடுங்கள். உங்கள் முன்னாலேயே நகல் எடுத்துக் கையோடு தந்துவிடுகிறேன், போனில் படம் எடுப்பதில்லை. ரெஜிஸ்டரில் வந்த காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதினால் போதும். அதற்கு மேல் நான் கேட்க மாட்டேன்."

"ரூம் நம்பர்?"

"இந்தச் சீட்டில் எழுதியிருக்கிறேன், பாருங்கள். அங்கே சோபாவில் ஆள் இருக்கிறார்கள், அதனால் வாய்விட்டுச் சொல்லவில்லை. எந்த மாடி, எந்தப் பக்கம் என்பதும் அதிலேயே இருக்கிறது. கடைசி ரூம் காலியாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தப் பக்கம் வெளிச்சம் குறைவு. அதை உங்களுக்குத் தர எனக்கு மனமில்லை. பையைப் பையன் கதவு வரை கொண்டுவந்து வைப்பான், உள்ளே வர மாட்டான். நீங்களே எடுத்துப் போவதானாலும் சரி."

"நானே எடுத்துக்கொள்கிறேன்."

"சரி மேடம். உள்ளே போனதும் தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்கள். மேல் தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கம், கதவை லேசாகத் தூக்கிப் பிடித்தால் விழும். திருப்தியாக இல்லை என்றால் எந்த நேரமானாலும் வேறு ரூம் தருகிறேன், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி எங்கள் ஆள் யாரும் தானாக வந்து கதவைத் தட்ட மாட்டார்கள். யாராவது தட்டினால் திறக்காமல் போனில் ஒன்பதை அழுத்துங்கள். காலை ஆறு மணி வரை நான்தான் எடுப்பேன்."

"என்னைக் கேட்டு யாராவது போன் பண்ணினால்?"

"இருக்கிறீர்கள் என்றும் சொல்ல மாட்டோம், இல்லை என்றும் சொல்ல மாட்டோம். பெயரும் நம்பரும் வாங்கி உங்களிடம் சொல்வோம். வீட்டுக்காரர்கள் என்று சொன்னாலும் அப்படித்தான். நேரில் வந்தால் இங்கேயே உட்கார வைத்துவிட்டு உங்களைக் கேட்போம். நீங்கள் சரி என்றால்தான் மேலே விடுவோம்."

"காலை ஐந்தரைக்கு வெளியே போக வேண்டும்."

"வாசல் பூட்டியிருக்கும், நான் திறந்துவிடுகிறேன். டாக்ஸி வேண்டுமானால் எங்களுக்குப் பழக்கமான டிரைவர் ஒருவர் இருக்கிறார், வண்டி நம்பரை முன்கூட்டியே எழுதித் தருகிறேன். எங்கே போக வேண்டும் என்பதை அவரிடம் சொன்னால் போதும், எனக்குத் தெரிய வேண்டாம்."

"டாக்ஸியே சொல்லிவிடுங்கள். அப்புறம், இப்போது சாப்பாடு கிடைக்குமா?"

"கிடைக்கும், சமையலறை பத்து வரை உண்டு. இங்கே சாப்பிடுகிறீர்களா, மேலே அனுப்பட்டுமா?"

"மேலேயே அனுப்புங்கள்."

"கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டுப் பையன் இறங்கி வந்ததும் நான் போன் பண்ணுகிறேன். அதற்குப் பிறகு திறந்து எடுத்துக்கொள்ளுங்கள்."