முடவன் முழுக்கு

செண்பகத்தைத் தை மாதத்தில் மணப்பதாக ராமலிங்கத்துக்குப் பரிசம் போட்டிருந்தார்கள். அவள் அவனுடைய தாயின் ஒன்றுவிட்ட அண்ணன் மகள். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கடலுக்கு மிக அருகில் வீடு. அவனுக்கு மாயவரம் பக்கத்தில், வீரசோழன் ஆற்று மதகு ஒன்றில் லஸ்கர் வேலை. விடியற்காலையில் அளவுகோலைப் பார்த்து நீர்மட்டத்தைப் பதிவேட்டில் எழுதுவதும், மேலிடத்து உத்தரவுப்படி ஷட்டரை ஏற்றி இறக்குவதும் அவன் கடமை. இருவரும் காதலர்கள் என்று ஊரில் யாரும் சொன்னதில்லை, அவர்களும் சொல்லிக்கொண்டதில்லை. முறைப்பெண் என்ற ஒரு சொல்லுக்குள் எல்லாம் அடங்கிப்போன காலம் அது.

1977 நவம்பர் 12 அன்று புயல் நாகையைத் தாக்கியது. மாயவரத்திலும் மரங்கள் சாய்ந்தன, ஆறு கரைதட்டி ஓடியது. மதகில் உடன் வேலை பார்த்தவர் வந்து சேரவில்லை. ஷட்டர்களை முழுவதும் தூக்கி நீரை வடியவிடாவிட்டால் கரை உடைந்து கீழேயுள்ள சம்பாப் பயிரும் குடியிருப்புகளும் மூழ்கிவிடும் என்பது ராமலிங்கத்துக்குத் தெரியும். கடற்கரை ஊர்களுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதாகச் செய்தி வந்த பிறகும் அவன் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பொருள் தேடப் போனவனையும் போருக்குப் போனவனையும் பழம்புலவர்கள் நிறையவே பாடியிருக்கிறார்கள். போக வேண்டிய நேரத்தில் மதகைக் காத்து நின்றவனை அவர்கள் பாடியதாகத் தெரியவில்லை.

வெள்ளம் வடிந்து அவன் போய்ச் சேர்ந்தபோது செண்பகத்தின் தாயும் தகப்பனும் அடக்கமாகியிருந்தார்கள். பதின்மூன்று வயதில் ஒரு தம்பி, அவனுக்கு அடுத்து ஒரு தங்கை, எட்டு வயதில் கடைக்குட்டி. மூவரும் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவன் வீட்டிலோ திருமணம் ஆகாத தங்கைகள் இருவர், ஒரே சம்பளம். “என்னோட சேர்த்து நாலு வயித்தை உங்க தலையில ஏத்த மாட்டேன், அத்தான். காத்திருக்கவும் வேண்டாம்” என்றாள். தாமதமாக வந்ததைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் தையல் மிஷின் வைத்துப் பிழைத்தாள். 1982இல் சத்துணவுத் திட்டம் வந்தபோது அமைப்பாளர் ஆனாள். ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுத் தன் வீட்டுப் பிள்ளைகளையும் கரையேற்றினாள். மணம் செய்துகொள்ளவில்லை. அவன் தாயின் பிடிவாதத்துக்கு இணங்கி வேறொருத்தியை மணந்து, அவளுக்கு நல்ல கணவனாகவே இருந்து, ஒரு மகனை வளர்த்து, ஓய்வுபெற்று, மனைவியையும் இழந்தான்.

ஐப்பசி முழுவதும் மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில் நீராடுவது புண்ணியம். கால் ஊனமுற்ற பக்தர் ஒருவர் மாதம் முடிந்தபின் வந்து சேர்ந்து கலங்கி நிற்க, மாயூரநாதர் அவருக்காக ஒருநாள் கூட்டிக் கொடுத்தாராம். அதனால் கார்த்திகை முதல் நாளில் முழுகினாலும் அதே பலன் என்பார்கள். 2019இல் அந்த நாளில் மூட்டுவலியோடு படியில் இறங்கிய செண்பகம், “இடுப்பளவு ஓடுது, கீழ்ப்படியில பாசி, அதுக்கு அந்தப் பக்கம் போகாதீங்க” என்று யாரோ ஒரு கிழவர் எல்லோரையும் எச்சரிப்பதைக் கேட்டு நின்றாள்.

“ரிட்டையர் ஆனப்புறமும் ஆத்தை அளக்கிற வேலைதானா, அத்தான்?”

ராமலிங்கம் திரும்பினார். ஈர வேட்டியோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். மதகு, புயல், பத்து நாள் தாமதம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லத் தொடங்கியவரை அவள் கைகாட்டி நிறுத்தினாள். “கரை உடையாம நின்னதை அப்பவே ஊரெல்லாம் பேசிச்சு. நான் அதுல பெருமைதான் பட்டேன். உங்ககிட்ட சொல்ல வாய்க்கலை.”

உடன் வந்திருந்த கடைக்குட்டித் தம்பி, ஐம்பது வயது மனிதர், துண்டைப் பிழிவதுபோல் அங்கேயே நின்றிருந்தார். அவரே பேச்சை எடுத்தார்: “அக்கா எங்க மூணு பேருக்கும் செஞ்சு முடிச்சாச்சு. இனிமே அது இஷ்டம்.”

“உங்க பிள்ளை என்ன சொல்லுமோ?” என்றாள் செண்பகம்.

ராமலிங்கம் அங்கேயே கைபேசியை எடுத்து, சென்னையிலிருந்த மகனிடம் சுற்றி வளைக்காமல் சொன்னார். மறுமுனையில் சிறிது நேரம் பதிலில்லை. பிறகு, “நாகப்பட்டினத்துச் செண்பகம் அத்தையாப்பா? அம்மா சொல்லியிருக்காங்க. தனக்குப் பின்னாடி உங்களுக்குத் துணையா யாராவது வேணும்னா அவங்களைத் தேடிப் பாருன்னும் சொன்னாங்க. நான்தான் எப்படிக் கேக்கறதுன்னு இருந்துட்டேன்” என்றான். தன் மனைவிக்குத் தெரியும் என்பதை ராமலிங்கம் அன்றுதான் அறிந்தார்.

“இனி அத்தைன்னு கூப்பிடறதா, சின்னம்மான்னு கூப்பிடறதா? கேட்டுச் சொல்லுங்க” என்றான் மகன்.

செண்பகம் கைபேசியைத் தானே வாங்கினாள். “எப்படி வேணா கூப்பிடு தம்பி. அடுத்த ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட புறப்பட்டு வா. எத்தனை பேருன்னு மட்டும் முன்னாடியே சொல்லிடு, அரிசி அளக்கணும்.”