அப்பாவின் விக்கல் குறித்து டாக்டருக்கு

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். தங்களிடம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நெடுநாளாக மருத்துவம் பார்த்துக்கொள்ளும் கோவிந்தராஜனின் மகன் எழுதுகிறேன். அப்பாவுக்கு வயது 74. அவரை மறுபடி அழைத்துவரச் சொன்ன தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதுவரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறார் அவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொலைபேசியில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதி அனுப்புகிறேன்.

கடந்த 8-ஆம் தேதி பார்த்தபோது இரண்டு மாற்றங்கள் செய்தீர்கள். மெட்ஃபார்மின் 500 மி.கி. காலையும் இரவும் என்றிருந்ததை 1000 ஆக்கினீர்கள். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டனுடன் குளோர்தலிடோன் 12.5 மி.கி. காலையில் ஒன்று புதிதாகச் சேர்த்தீர்கள். இரண்டையும் மறுநாள் காலையிலேயே தொடங்கிவிட்டோம். 11-ஆம் தேதி வாக்கில் குமட்டல் ஆரம்பித்தது. வாந்தி ஒரே ஒரு முறைதான். மற்ற நேரமெல்லாம் வெறும் ஓங்கரிப்பு. மாத்திரை போட்ட பிறகு அது கூடுகிறது. சாப்பிட்ட பின் போட வேண்டும் என்று சீட்டில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியே கொடுக்கிறோம். ஆனால் அவர் சாப்பிடுவது இரண்டு மூன்று கவளம்தான் என்றால் அதைச் 'சாப்பிட்ட பின்' என்று எப்படிச் சொல்வது?

விக்கல் வந்தது 14-ஆம் தேதி. முதலில் வந்துவந்து நின்றது. இப்போது சாயங்காலம் தொடங்கினால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் நீடிக்கிறது. நேற்றிரவு ஒன்பதுக்குத் தொடங்கி ஏறக்குறைய ஒரு மணி வரை விடவில்லை. பேச்சை வெட்டுகிறது, தண்ணீரைக் குடிக்கவிடாமல் செய்கிறது, சற்றுக் கண்ணயர்ந்தால் உலுக்கி எழுப்பிவிடுகிறது. நிமிர்ந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணிகிறது. மூச்சை அடக்கிப் பார்த்தார், சிறிது சிறிதாகத் தண்ணீர் குடித்துப் பார்த்தார். ஒரு தேக்கரண்டி சர்க்கரையை விழுங்கினால் நிற்கும் என்று யாரோ சொன்னதை அம்மாவிடம் நினைவூட்டி, அதையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். மருத்துவம் என்ற பெயரில் சர்க்கரை கிடைத்ததில் அவருக்கு உள்ளூர மகிழ்ச்சி. விக்கல் மட்டும் நிற்கவில்லை.

விக்கலை நிறுத்த இன்னொரு மாத்திரை எழுதித் தாருங்கள் என்று கேட்க நான் இந்தக் கடிதத்தை எழுதவில்லை. முதலில் ரத்தத்தைப் பார்க்க வேண்டாமா என்பதுதான் என் கேள்வி. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நேற்று அவருடைய படுக்கையை உதறியபோது தலையணை உறைக்குள்ளிருந்து ஒரு மாத்திரை அட்டை விழுந்தது. டைக்ளோஃபெனாக் 50 மி.கி., பத்தில் ஏழு குழிகள் காலி. மூட்டு வலிக்காக எப்போதோ வாங்கியதில் மீந்ததாம். புதிய மாத்திரைகள் தொடங்கிய அதே வாரத்தில் முழங்கால் வலியும் கூடியதால், யாரிடமும் சொல்லாமல் இரவில் ஒன்று போட்டுக்கொண்டிருக்கிறார். கேட்டால், "வலி எனக்குத்தானே, உனக்கா?" என்கிறார். டெல்மிசார்டன், நீர் பிரியும் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஒன்றுசேர்ந்தால் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்று மருந்தாளுநர் ஒருவர் எச்சரித்தார். அப்பாவின் கிரியேட்டினின் சென்ற பரிசோதனையிலேயே 1.3 இருந்தது. போதாததற்கு, குமட்டலால் தண்ணீரும் குறைவாகவே குடிக்கிறார். இரண்டு நாளாகச் சிறுநீர் போவது குறைந்திருப்பதாக அம்மா சொல்கிறார். சிறுநீரகம் சுணங்கினாலும் குமட்டலும் விக்கலும் வரும், அந்த நிலையில் மெட்ஃபார்மினின் அளவையே மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும் என்றும் அந்த மருந்தாளுநர் சொன்னார். வலி மாத்திரையை நேற்றே எடுத்து அப்புறப்படுத்திவிட்டேன். தாங்கள் எழுதித் தந்தவற்றில் எதையும் நானாக நிறுத்தவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று தயங்கியது இதற்குத்தான். நேற்று பிற்பகல் செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்று என்ன கிழமை?" என்று கேட்டார். சொன்னேன். கால் மணி நேரத்துக்குள் அதையே மறுபடி கேட்டார். செய்தித்தாளின் மேல் ஓரத்தில் கிழமை அச்சாகியிருந்தது, அவருடைய கட்டைவிரலே அதன்மேல்தான் இருந்தது. தூக்கம் கெட்டதால் வந்த அசதியாக இருக்கலாம். ஆனால் நினைவாற்றலில் என்னைத் தோற்கடிக்கிற மனிதர் அவர். நீர் பிரியும் மாத்திரையால் வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறைவதுண்டு, அப்போது குமட்டலும் தடுமாற்றமும் வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதனால்தான் சோடியம், பொட்டாசியம், யூரியா, கிரியேட்டினின் நான்கையும் உடனே பார்க்கலாமா என்று கேட்கிறேன். தாங்கள் சரி என்றால் இன்றே ரத்தம் கொடுக்க அழைத்துச் செல்கிறேன்.

வீட்டில் பார்த்த அளவுகள் இவை. இன்று காலை ரத்த அழுத்தம் உட்கார்ந்திருக்கும்போது 108/64, எழுந்து நின்றதும் 94/60. நிற்கும்போது கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். வெறும் வயிற்றில் சர்க்கரை 86. நேற்று காலை பதினொரு மணிக்கு வியர்த்துக் கை நடுங்கியபோது குத்திப் பார்த்தால் 68. உடனே குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தோம், சரியாகிவிட்டது. எடை 63 கிலோவிலிருந்து 61-க்கு இறங்கியிருக்கிறது. காய்ச்சல், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வயிற்று வலி எதுவும் இல்லை. மலம் கறுத்துப் போகவில்லை. அப்பா சொன்னதை மட்டும் நம்பாமல் இவை ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டும் பார்த்தும் எழுதியிருக்கிறேன்.

இன்று இரவுக்குள் எனக்குத் தெரிய வேண்டியவை சில. கிளிமிபிரைடை நாளைக் காலை கொடுக்கலாமா? அதைப் போட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறார் என்பதுதான் எனக்குப் பெரிய பயம். 68 அதனால் வந்ததாகத்தான் நினைக்கிறேன். குளோர்தலிடோனை ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை நிறுத்திவைக்கலாமா? மெட்ஃபார்மினைப் பழைய அளவுக்குக் குறைப்பதா, முழுவதுமே நிறுத்துவதா? முழங்கால் வலிக்குப் பாராசிட்டமால் போதுமென்றால் எவ்வளவு, எத்தனை முறை என்பதையும் சொல்லிவிடுங்கள். வேறு வழி இல்லாவிட்டால் அவர் இன்னொரு அட்டையைத் தேடிப் பிடித்துவிடுவார்.

இதற்கிடையே குழப்பம் கூடினாலோ, தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, நெஞ்சு வலி வந்தாலோ, சிறுநீர் சுத்தமாக நின்றுவிட்டாலோ, பதிலுக்குக் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போய்விடுவேன். அங்கே காட்ட இந்தக் கடிதத்தின் நகலும் எல்லா மாத்திரை அட்டைகளும் ஒரு பையில் தயாராக இருக்கின்றன.

அப்பாவிடம் தாங்கள் நேரில் பேசும்போது, வலி மாத்திரை விஷயத்தை நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம் என்று கேட்கத்தான் நினைத்தேன். பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டேன். தாங்களே நேரடியாகக் கண்டித்துச் சொல்லுங்கள். என் பேச்சைக் கேட்காதவர், தங்கள் பேச்சைக் கேட்பார்.

தங்கள் அன்புள்ள,
இளங்கோவன்

பி.கு.: தற்போது கொடுத்துவருபவை: காலை உணவுக்கு முன் கிளிமிபிரைடு 1 மி.கி.; காலை உணவுக்குப் பின் மெட்ஃபார்மின் 1000, டெல்மிசார்டன் 40, குளோர்தலிடோன் 12.5, இரவு உணவுக்குப் பின் மெட்ஃபார்மின் 1000, அட்டோர்வாஸ்டாட்டின் 10. எந்த மருந்துக்கும் ஒவ்வாமை இருந்ததில்லை. நாட்டு மருந்து எதுவும் எடுப்பதில்லை என்கிறார். தலையணை, மெத்தை, அலமாரி எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன், அது உண்மைதான்.