கனமான செட்டுக்கு முன் 14 நிமிடம்: இறுகிய இடுப்புக்கும் தோளுக்கும் ஒரு வார்ம்-அப்

இந்த அட்டவணை வாரம் 4 நாள் பயிற்சிக்கானது: 2 நாள் ஸ்குவாட், 2 நாள் பெஞ்ச் பிரஸ். இப்போதைய எடை ஸ்குவாட்டில் 80 கிலோ, பெஞ்சில் 60 கிலோ, இரண்டிலும் 5 ரெப். பகலெல்லாம் நாற்காலி வேலை; கொழுப்பைக் குறைக்கச் சாப்பாட்டையும் குறைத்தாயிற்று.

வார்ம்-அப்பைக் கொழுப்பு கரைக்கும் வேலையாக்க வேண்டாம். கொழுப்பு குறைவது சாப்பாட்டுக் கணக்கில். அப்போது தசையைக் காப்பது கனமான செட்கள். குறைவாகச் சாப்பிடும் நாட்களில் தசை சேமித்து வைக்கும் எரிபொருளான கிளைகோஜனும் குறைவு. அதில் ஒரு பகுதியை டிரெட்மில்லில் 25 நிமிடம் ஓடிச் செலவழித்துவிட்டு பாரின் அடியில் போய் நின்றால் மூன்றாவது செட்டிலேயே கால் துவண்டுவிடலாம். கார்டியோ வேண்டுமென்றால் எடை முடிந்த பிறகு, அல்லது வேறு நாளில்.

முதல் 4 நிமிடம். சைக்கிள் அல்லது ரோயிங் மெஷின். முழு வாக்கியம் பேச முடிகிற வேகம். லேசாக வியர்வை அரும்பினால் போதும்.

இடுப்பு, 5 நிமிடம். தரையில் உட்கார்ந்து ஒரு காலை முன்னால், மற்றதைப் பக்கவாட்டில், இரண்டு முழங்காலும் 90 டிகிரியில் மடக்குங்கள். கைகளைப் பின்னால் ஊன்றி, முழங்கால்களை வலமும் இடமுமாக மாற்றிப் போடுங்கள், பக்கத்துக்கு 6.

அடுத்து ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மறுகாலை முன்னால் வைத்து நில்லுங்கள். பலரும் தவறு செய்வது இங்கேதான்: உடம்பை முன்னுக்குத் தள்ளுகிறார்கள். இடுப்பு முன்பக்கம் நீள்வதுபோல் இருக்கும். உண்மையில் வளைவது கீழ்முதுகு. ஊன்றிய காலின் பக்கத்துப் பிட்டத்தை இறுக்கி, பெல்ட் பக்கிளை மேல்நோக்கித் திருப்புங்கள். ஒரு அங்குலம்கூட நகராமலே தொடையின் மேல்பகுதி இழுக்கும். பக்கத்துக்கு 30 விநாடி, ஒரே முறை. ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் இழுத்துப் பிடித்தால் அடுத்து வரும் செட்டில் பலம் சற்றுக் குறையக்கூடும். நீண்ட ஸ்ட்ரெச்சை இரவுக்கு வையுங்கள்.

கடைசியாக 8 கிலோ கெட்டில்பெல்லை நெஞ்சோடு பிடித்து 5 ஸ்குவாட். ஒவ்வொன்றிலும் அடியில் 3 மூச்சு, முழங்கைகளால் முழங்கால்களை வெளியே தள்ளியபடி. குதிகால் எழும்பினால் சிக்கல் கணுக்காலில் இருக்கலாம். குதிகாலின் கீழ் 2.5 கிலோ பிளேட் வைத்துப் பாருங்கள். இடுப்பு மடிப்பில் கிள்ளுவதுபோல் வலித்தால் அழுத்தாதீர்கள். பாதங்களை அகட்டி, விரல்களைக் கொஞ்சம் வெளியே திருப்பி, வலி இல்லாத ஆழத்தோடு நிறுத்துங்கள்.

தோள், 5 நிமிடம். ஃபோம் ரோலரைத் தோள்பட்டை எலும்புகளின் கீழ்முனைக்கு அடியில் குறுக்காக வைத்து, கைகளைத் தலைக்குப் பின்னால் கோர்த்து, மேல்முதுகை மட்டும் பின்னால் வளையுங்கள், 6 முறை. பிட்டம் தரையில் இருக்கட்டும். பிறகு சுவரில் முதுகைச் சாய்த்து, கைகளை மேலே வழுக்கவிட்டு இறக்குங்கள், 8 முறை. கீழ்முதுகு சுவரை விட்டு விலகும் உயரம்தான் இன்றைய உங்கள் எல்லை. அதற்கு மேல் கை போவதெல்லாம் விலா எலும்பு தூக்கிக்கொடுக்கும் இரவல் உயரம். லேசான பேண்டை நெஞ்சுக்கு நேரே பிடித்து இழுத்து விரிப்பது 15.

ஸ்குவாட் நாளில் தோள் பயிற்சியில் ரோலரையும் பேண்டையும் மட்டும் செய்யுங்கள். இறுகிய தோளோடு முதுகில் பாரைப் பிடித்தால் சுமை மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் போகிறது. பிடியைக் கொஞ்சம் அகட்டினாலும் குறையும். பெஞ்ச் நாளில் இடுப்புக்கு அந்த 30 விநாடிப் பிடி மட்டும்.

எடை ஏற்றும் செட்கள். 14 நிமிடம் இதோடு முடிகிறது, இனி பாரில்தான்.

ஸ்குவாட்: வெறும் பார் 20 கிலோ × 8, 40 × 5, 55 × 3, 67.5 × 2, 75 × 1
பெஞ்ச்: 20 × 10, 40 × 5, 50 × 3, 55 × 1

ஆரம்ப செட்களுக்கிடையே பிளேட் மாற்றும் நேரமே ஓய்வு. கடைசி ஒற்றை ரெப்புக்குப் பின் 2 முதல் 3 நிமிடம். எடை ஏற ஏற ரெப் குறைவதைக் கவனியுங்கள். 67.5-இல் 8 ரெப் போட்டால் அது வார்ம்-அப் அல்ல, கணக்கில் எழுதாத ஒரு வேலை செட்.

தரையிலிருந்து எழும்போது தலை சுற்றினால் ரேக்கைப் பிடித்து ஒரு நிமிடம் நில்லுங்கள். சாப்பாடு குறையும்போது உடம்பில் தண்ணீரும் உப்பும் சேர்ந்து குறைகின்றன. ஜிம்முக்கு வரும் முன்பே தண்ணீர் குடித்திருங்கள். அடிக்கடி சுற்றினாலோ, கை மரத்துப்போனாலோ, மூட்டில் குத்தலாக வலித்தாலோ அன்றைக்குப் பயிற்சி வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்.

வாரம் ஒருமுறை வெறும் பார் ஸ்குவாட்டைப் பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுங்கள்: இடுப்புப் பயிற்சிக்கு முன் ஒன்று, பின் ஒன்று. 3 வாரமாகியும் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால், அந்தப் பயிற்சிகளில் ஒன்றை எடுத்துவிட்டு அந்த நேரத்தில் கெட்டில்பெல் ஸ்குவாட்டை இன்னொரு சுற்று போடுங்கள்.