காய்ச்சலும் பாய்ச்சலும்: வயல் நீர்மட்டம் காட்டும் குழாய்
இடைக்கால முன்னேற்ற அறிக்கை

காலம்: ஜூலை 2024 – டிசம்பர் 2024
இடம்: திருவாரூர் மாவட்டம், கோட்டூர் பக்கம் ஒரு கடைமடை வயல்
குழு: இறுதியாண்டு மாணவர்கள் நால்வர்

முடிந்தவை

40 செ.மீ. நீளத்தில், அடிப்பாதி முழுக்கத் துளையிட்ட நான்கு பிவிசி குழாய்களைச் செய்து, துளையுள்ள 20 செ.மீ. மண்ணுக்குள் இருக்கும்படி வயலில் இறக்கினோம். நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மறுபடி நீர் கட்டலாம் என்பதே கணக்கு. செப்டம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து தினமும் காலையில் அளவுகோலை விட்டு அளந்து நோட்டில் எழுதியிருக்கிறோம். குறுஞ்செய்தி அனுப்பும் நிரல் ஆய்வகத்தில் சரியாக ஓடுகிறது.

திட்டத்திலிருந்து விலகியவை

முதலாவது, சென்சார். குழாய்க்குள் அல்ட்ராசோனிக் சென்சார் ஒழுங்காக அளக்கவில்லை. ஒலி துளைகளின் விளிம்பில் பட்டுத் திரும்பி, தண்ணீர் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு வேறெதையோ காட்டியது. நீர்புகா வகையை வாங்கினோம். அது 20 செ.மீ.க்குக் குறைந்த தூரத்தை அளக்காது. வயலில் 5 செ.மீ. தண்ணீர் நின்றால் குழாய் வாயிலிருந்து தூரமே 15 செ.மீ.தான். வாங்குமுன் கூட்டிக்கழித்துப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. இப்போது காந்தம் ஒட்டிய மிதவையும் நான்கு ரீட் சுவிட்சுகளும் வைக்கிறோம். மில்லிமீட்டர் கணக்கு கிடைக்காது. ஆனால் விவசாயிக்குத் தெரிய வேண்டியது மோட்டாரைப் போடலாமா வேண்டாமா என்பதுதான்.

இரண்டாவது, பருவம். இதுதான் பெரிய பிசகு. ஜூன் 12ல் மேட்டூர் திறக்கும் என்று வைத்துத் தேதி போட்டிருந்தோம். 2024ல் ஜூலை 28ல்தான் திறந்தார்கள். சம்பா விதைப்பு தள்ளிப்போய், குழாய் இறக்கியபின் மழைக்கு முன் வயல் காய்ந்தது இரண்டே தடவை. அப்புறம் வடகிழக்குப் பருவமழை. நவம்பர் கடைசியில் குழாய்களே முங்கி இரண்டு போர்டுகள் வீணாயின. வயல்காரர் முதல் நாளே சொன்னார்: "மழைக்காலத்துல தண்ணிய வடிக்கத்தான் வழி பாக்கணும் தம்பி, கட்டுறதுக்கு இல்ல." அதைக் குறித்து வைத்தோமே தவிர, திட்டத்தை மாற்றவில்லை.

அதனால் முக்கியச் சோதனையை அதே வயலின் கோடை நெல்லுக்கு மாற்றுகிறோம். அங்கே போர் தண்ணீர்தான். மோட்டார் ஓடிய மணியைக் குறித்தாலே எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துவிடும். விளைச்சல் ஒப்பீட்டைக் கைவிடுகிறோம், அறுவடைக்கு முன்பே அறிக்கை கொடுக்க வேண்டியிருப்பதால்.

திருத்திய கால அட்டவணை

ஜனவரி 31: மிதவைக் குழாய்கள் தயார், வாளித் தண்ணீரில் சோதனை
பிப்ரவரி: சம்பா அறுவடை, உழவு, கோடை நடவு
மார்ச் 1 – ஏப்ரல் 12: ஒரு பாத்தியில் வழக்கமான பாசனம், பக்கத்துப் பாத்தியில் எங்கள் முறை
ஏப்ரல் 25: இறுதி அறிக்கை

செலவு: ரூ.8,000ல் ரூ.5,350 ஆகிவிட்டது. வீணான போர்டுகளுக்குப் பதிலாக இரண்டை ஆய்வகத்திலிருந்து ஏப்ரல் வரை தந்தால் மீதித் தொகைக்குள் முடித்துவிடுவோம். வழிகாட்டி ஐயா அனுமதிக்க வேண்டுகிறோம்.

பணிவுடன்,
திட்டக் குழுவினர்
6 ஜனவரி 2025